கிரேடியன்ட் டிசென்ட்: சதுர அடியை அப்படியே உள்ளே தள்ளாதீர்கள்

வேளச்சேரியில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறையில் ஞாயிறு காலைகளில் ஆறேழு பேர் லேப்டாப்போடு கூடுவோம். எல்லோரும் புதிதாக மெஷின் லேர்னிங் பழகுகிறவர்கள். எனக்கு இந்த வேலையில் சில வருட அனுபவம் இருப்பதால், ஓரமாக உட்கார்ந்து எட்டிப் பார்ப்பது என் பங்கு. போன வாரம் ஒரு தம்பி திரையைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, கன்வெர்ஜ் ஆயிடுச்சு, லாஸ் அசையவே மாட்டேங்குது" என்றான். அதாவது, விடைக்கு வந்து நின்றுவிட்டதாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வாக்கியத்தை நானும் ஒரு மேனேஜரிடம் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

அடைப்புக்குறியை விடுவது, ஃபைல் பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை கம்ப்யூட்டரே திட்டித் திருத்திவிடும். திட்டாமல் விடும் தவறுகள்தான் இங்கே.

முதலில், என்ன செய்கிறோம்

பனி மூடிய காலையில் பரங்கிமலை உச்சியில் நிற்கிறீர்கள், இரண்டடி தள்ளி எதுவும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் ஒரு சின்னக் காலடி வைக்கிறீர்கள். மறுபடி தடவல், மறுபடி காலடி. கிரேடியன்ட் டிசென்ட் அவ்வளவுதான். பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1847-லேயே எழுதிவைத்த யோசனை இது.

நேர்கோடு பொருத்தும்போது நாம் நிற்கும் இடம் இரண்டு எண்கள்: சாய்வு m, வெட்டு c. அந்த இடத்தின் உயரம் லாஸ், அதாவது கோடு சொல்வதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கச் சராசரி. காலடியின் அளவைத் தீர்மானிப்பது லேர்னிங் ரேட்.

கணக்கு எளிதாக வர நானே உருவாக்கிய ஐந்து வீடுகள் இவை. பரப்பு 400, 600, 800, 1000, 1200 சதுர அடி. மாத வாடகை, ஆயிரம் ரூபாயில், 9, 13, 15, 20, 23. இவற்றுக்கு மிகச் சரியான கோடு: சதுர அடிக்கு 17.50 ரூபாய், அதோடு அடிப்படையாக 2,000 ரூபாய். லாஸ் 0.3. விடையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கீழே e என்பது வித்தியாசம், gm, gc இரண்டு பக்கச் சரிவுகள், lr லேர்னிங் ரேட்.

```python
import numpy as np
x = np.array([400, 600, 800, 1000, 1200])
y = np.array([9, 13, 15, 20, 23])
lr = 0.01
m, c = 0.0, 0.0
for i in range(10000):
    e = m*x + c - y
    gm = 2 * (e*x).mean()
    gc = 2 * e.mean()
    m, c = m - lr*gm, c - lr*gc
```

சதுர அடியை அப்படியே உள்ளே தள்ளுவது

தம்பி செய்தது இதுதான். முதலில் `lr = 0.01` போட்டான். முதல் காலடியிலேயே m 284 ஆனது. அதாவது சதுர அடிக்கு 2,84,000 ரூபாய். அடுத்த காலடியில் m மைனஸ் நாற்பது லட்சத்தைத் தாண்டியது. எண்பது காலடிக்குள் திரை முழுக்க `nan`, அதாவது எண்ணே இல்லை. எல்லோரும் செய்வதைப்போல அவனும் ஒவ்வொரு பூஜ்யமாகச் சேர்த்துக்கொண்டே போனான். 0.000001 வந்ததும் அடங்கியது. சாய்வு 28.40 ரூபாய், 15.90, 21.40, 18.98 என்று ஆடி, இருபது காலடிக்குள் 19.72-இல் நின்றுவிட்டது. லாஸ் 0.744. பத்தாயிரம் சுற்று ஓட்டியபின் 0.742.

இதைப் பார்த்தால் யாருக்கும் முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். "c-ஐக் காட்டு தம்பி" என்றேன். 0.0045. இரண்டாயிரம் ரூபாயை நோக்கிக் கிளம்பிய c, பத்தாயிரம் காலடி நடந்து நாலரை ரூபாய்க்குத்தான் வந்திருக்கிறது.

ஏன் இப்படி? கிளம்பிய இடத்தில், (0, 0)-இல், சரிவைக் கணக்கிட்டுப் பாருங்கள். m பக்கம் சரிவு −28,400. c பக்கம் −32. சதுர அடி எண்கள் நூறிலும் ஆயிரத்திலும் இருப்பதால் m-ஐ ஒரு துளி அசைத்தாலே எல்லா வாடகையும் எகிறுகிறது. c-ஐ அசைத்தால் அசைத்த அளவு மட்டுமே மாறுகிறது. ஆக நாம் நிற்பது வட்டமான கிண்ணத்தில் இல்லை. மழைநீர் வடிகாலில் நிற்கிறோம். இரண்டு பக்கச் சுவரும் செங்குத்து. நீளவாக்கில் சரிவு இருக்கிறதா என்றே தெரியாது. வேளச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருத் தண்ணீர் ஒரு நொடியில் வடிகாலுக்குள் விழும். அப்புறம் பள்ளிக்கரணைப் பக்கம் நகர வேண்டுமே, நகராது.

காலடியைப் பெரிதாக்கினால் பக்கச் சுவரில் மோதி மேலே எகிறிவிடுவோம், அதுதான் `nan`. மோதாத அளவுக்குச் சிறிதாக்கினால், நீளவாக்கில் நகர்வது எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிடும். இந்த ஐந்து வீட்டுக் கணக்கில் செங்குத்துப் பக்கத்தின் வளைவு, அதாவது நகர நகரச் சரிவு மாறும் வேகம், தட்டையான பக்கத்தைப்போல 65 லட்சம் மடங்கு. 0.0000014 அளவைத் தாண்டினாலே மோதல் நிச்சயம். 0.000001-இல் ஓட்டினால் c பாதித் தூரம் போகவே 31 லட்சம் காலடி வேண்டும். விடைக்கு நூறில் ஒரு பங்கு அருகில் வர 2 கோடிக்கு மேல்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இந்தத் தவறு மறைந்துகொள்ளும் விதம். நின்றுபோன கோடு 800 சதுர அடி வீட்டுக்கு 15,778 ரூபாய் சொல்கிறது. சரியான கோடு 16,000 சொல்கிறது. யார் கண்டுபிடிப்பார்கள்? நடுவில் இருக்கும் வீடுகளில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஓரத்துக்குப் போனால்தான் பல் இளிக்கும். 300 சதுர அடி அறைக்கு 7,250 சொல்ல வேண்டிய இடத்தில் 5,920 வரும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு வாடகைக் கணக்கில் c பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்து, "பரப்பு பூஜ்யம் என்றால் வாடகையும் பூஜ்யம்தானே சார், மாடல் அதைத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறது" என்று மீட்டிங்கில் விளக்கினேன். தலையாட்டினார்கள். மூன்று வாரம் கழித்துத்தான், சின்ன வீடுகளுக்கெல்லாம் குறைவாகவே வருகிறதே என்று ஒருவர் கேட்டார். மாடல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கிளம்பிய இடத்திலேயே நின்றிருந்தது, அந்த இடம் பூஜ்யமாக இருந்தது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வெட்டு உள்ள மிகச் சிறந்த கோட்டில் வித்தியாசங்களின் சராசரி பூஜ்யமாகத்தான் இருக்கும். `e.mean()` அச்சிட்டுப் பாருங்கள். தம்பியின் கோட்டில் அது −0.22, அதாவது சராசரியாக வீட்டுக்கு 222 ரூபாய் குறைவு. இன்னொன்று, நேர்கோட்டுக்கு விடைத்தாள் கையிலேயே இருக்கிறது. `np.polyfit(x, y, 1)` ஒரே வரியில் 0.0175, 2 என்று சொல்லிவிடும். பழகும்போது இதோடு ஒப்பிடாமல் எழுந்திருக்காதீர்கள்.

சரி செய்வது மிக எளிது, ஸ்கேலிங் என்பார்கள். ஒவ்வொரு பரப்பிலிருந்தும் சராசரியான 800-ஐக் கழித்து 200-ஆல் வகுங்கள். −2, −1, 0, 1, 2 கிடைக்கும். (வழக்கமாக ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் வகுப்பார்கள், இங்கே அது 283. நான் கைக்கணக்குக்காக 200 எடுத்தேன்.) இப்போது இரண்டு பக்க வளைவும் 4, 2. வடிகால் போய்க் கிண்ணம் வந்துவிட்டது. `lr = 0.1` போட்டால் புதிய வெட்டு 3.2, 5.76, 7.81, 9.45 என்று 16-ஐ நோக்கி ஏறும், ஒவ்வொரு காலடியிலும் மிச்சத் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். சாய்வு 1.4, 2.24, 2.74 என்று 3.5-க்குப் போகும். ஐம்பது காலடியில் வேலை முடிந்தது. 2 கோடி எங்கே, ஐம்பது எங்கே!

கழிப்பதை விட்டுவிட்டு வகுப்பதை மட்டும் செய்கிறவர்கள் உண்டு. 1000-ஆல் வகுத்தால் 65 லட்சம் மடங்கு 35 மடங்காகக் குறைகிறது, நல்லதுதான். ஆனால் மேலே செய்ததுபோல் 800-ஐக் கழித்து 200-ஆல் வகுத்தால் 2 மடங்குதான். எல்லா வீடும் பூஜ்யத்துக்கு ஒரே பக்கம் இருக்கும்வரை, m ஏறினால் c இறங்கி ஈடுகட்டிக்கொள்ளும். அந்தக் கயிறிழுப்பை நிறுத்துவது கழித்தல்தான்.

கூட்டலா, சராசரியா

`mean()` இருக்க வேண்டிய இடத்தில் `sum()` போட்டால் சரிவு வீடுகளின் எண்ணிக்கை மடங்கு பெருகும். சரிசெய்த அதே ஐந்து வீட்டில், அதே 0.1-இல், ஒரு வேடிக்கை நடக்கும்: வெட்டு ஒரே தாவலில் 16-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். சாய்வு 0, 7, 0, 7 என்று ஆயுள் முழுக்க ஊஞ்சலாடும். ஐந்து வீட்டுக்கே இப்படி என்றால் ஐயாயிரம் வரி டேட்டாவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

m-ஐ மாற்றிவிட்டு, புது m-ஐ வைத்து c-க்குச் சரிவு பார்ப்பது

நேர்கோட்டில் இது பெரிய பாவமில்லை. பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். ஆனால் நீங்கள் ஓட்டுவது கிரேடியன்ட் டிசென்ட் இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. புத்தகத்து எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகவில்லை என்று அரை நாள் தலையைச் சொறிவீர்கள். மேலே உள்ள நிரலில் கடைசி வரி m, c இரண்டையும் சேர்த்து மாற்றுவது இதற்காகத்தான்.

கழித்தல் குறிக்குப் பதில் கூட்டல்

மலை ஏறுவீர்கள்.

திரும்ப மாற்ற மறப்பது

ஸ்கேலிங் கற்றுக்கொண்ட அடுத்த வாரமே வருகிற தவறு. 3.5, 16 என்ற விடை −2 முதல் 2 வரை உள்ள புது எண்களுக்கானது. பழைய அளவுக்குக் கொண்டுவர m = 3.5 ÷ 200 = 0.0175; c = 16 − 0.0175 × 800 = 2. அல்லது புது வீட்டின் பரப்பிலும் அதே 800-ஐக் கழித்து அதே 200-ஆல் வகுத்து உள்ளே கொடுக்க வேண்டும். புது வீடுகளின் சராசரியைப் புதிதாக எடுத்துக் கழிக்கக் கூடாது.

தம்பி இரண்டையும் செய்யவில்லை. 900-ஐ நேராக 3.5-ஆல் பெருக்கி 16-ஐக் கூட்டிவிட்டான். 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 31,66,000 ரூபாய். மொட்டைமாடி அறையின் சொந்தக்காரர் எழுந்து வந்து, "இந்த மாடலை யாரும் திருத்தாதீங்க" என்றார்.