‘நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்!’ – பழைய வகுப்புத் தோழர்களைப் பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் விடுமுறையும் மே மாதமும் வந்தால் போதும், பத்தாம் வகுப்பு பேட்ச், பிளஸ் டூ பேட்ச் என்று ஊருக்கு ஊர் சந்திப்புகள் களைகட்டிவிடுகின்றன. எங்கள் பேட்ச் சந்திப்பை நடத்தியதிலிருந்து, தெரிந்தவர்கள் தங்கள் சந்திப்புக்கும் என்னைக் கூப்பிட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால், முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் நான் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். ‘என்னடா இப்படி குண்டாயிட்டே’, ‘சம்பளம் எவ்வளவு’ என்றெல்லாம் கேட்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். எதிரே ஒருவர் சிரித்துக்கொண்டு வருகிறார், முகம் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, பேர் சுத்தமாக வரவில்லை. அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் இது.

‘நான் யாருன்னு தெரியுதா?’

இன்னும் என்னை எரிச்சல்படுத்துவது இந்த ஒன்றுதான். கேட்கிறவருக்கு இது விளையாட்டு, மாட்டிக்கொண்டவருக்கோ பரீட்சை.

1989-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் சந்திப்பு ஒன்று. பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்கக் காரோட்டி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினார். பள்ளியை விட்ட பிறகு ஊர்ப்பக்கமே வராதவர், வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததே முந்தின வாரம். கேட்டைத் தாண்டவில்லை, அதற்குள் ஒருவர் ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொண்டார். “யாருன்னு சொல்லு, அப்பத்தான் விடுவேன்.” சுற்றிலும் ஏழெட்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருத்தர் முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்கிறார், இன்னொருத்தர் “கிரிக்கெட் ஆடுவானே, அவன்டா” என்கிறார். வந்தவர் வியர்த்துப்போய்க் கடைசியில் ஒரு பேரைச் சொன்னார். அந்தப் பேருக்குரியவர் சில வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டவர். வந்தவருக்கு அது தெரியாது, மற்ற எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். அதன்பிறகு அந்த மனிதர் யாரிடமும் தானாகப் போய்ப் பேசவில்லை. ஒரு டீயைக் குடித்துவிட்டு மரத்தடியில் மகளோடு உட்கார்ந்திருந்தார், பந்திக்கு இலை போடும் முன்பே ‘அவசர வேலை’ என்று கிளம்பிவிட்டார். கையைப் பிடித்தவரோ அதற்குள் அடுத்த ஆளின் கையைப் பிடித்திருந்தார்! அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

இந்த விளையாட்டில் தோற்பது ஞாபகசக்திக் குறைவால் அல்ல. ஹாரி பாரிக் என்ற உளவியல் பேராசிரியர் குழு 1975-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் பள்ளி முடித்துச் சில மாதங்களே ஆனவர்கள் முதல் ஏறக்குறைய 50 வருடம் ஆனவர்கள் வரை 392 பேரைப் பழைய பள்ளி ஆண்டு மலரை வைத்துச் சோதித்தார்கள். பல படங்களுக்கு நடுவிலிருந்து தன் வகுப்புத் தோழனின் முகத்தை எடுத்துக் காட்டுவதில், 35 வருடம் ஆனவர்கள்கூடப் பத்துக்கு ஒன்பது சரியாகச் செய்தார்கள். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேரைச் சொல் என்றபோது நிலைமை ரொம்பவே மோசம். அவர்களுக்குக் காட்டியதும் அன்றைய படம், பதினேழு பதினெட்டு வயது முகம். நாம் வாசலில் என்ன செய்கிறோம்? வழுக்கையும் நரைத்த மீசையும் கண்ணாடியுமாகப் போய் நின்றுகொண்டு, படமும் காட்டாமல், பேரைச் சொல் என்று கேட்கிறோம். இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி அது. அதில் தேறாதவர் நம்மை மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

அதனால் கையை நீட்டும் முன்பே பேரைச் சொல்லிவிடுங்கள். பேர் மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் நம் தலைமுறையில் வகுப்புக்கு மூன்று செந்தில், நாலு ரமேஷ். அப்பாவின் இனிஷியல், பிரிவு, அப்புறம் எதிரே நிற்பவர் கண்ணால் பார்த்திருக்கக்கூடிய ஒரு விஷயம், மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். “நான் கே. ரமேஷ், பி பிரிவு, ஹெட்மாஸ்டர் ரூம் ஜன்னலை உடைச்சு எல்லாரையும் வெயில்ல நிக்க வச்சவன்.” இப்படிச் சொன்னால் எதிரே நிற்பவர் முகம் மலர்வதை நீங்களே பார்க்கலாம். ‘நான் இப்ப கோயம்புத்தூர்ல பேங்க் மேனேஜர்’ என்பது இங்கே உதவாது. அவருக்குத் தெரிந்தது பேங்க் மேனேஜர் அல்ல, ஜன்னல் உடைத்தவன்தான்.

உங்கள் கையை யாராவது பிடித்துக்கொண்டால் யோசிக்கவே யோசிக்காதீர்கள். “முகம் ஞாபகம் இருக்கு, பேர் வரலை, நீயே சொல்லிடு.” இதை உடனே சொல்லிவிட்டால் சிரிப்போடு முடிந்துவிடும். கூட்டம் சேர்ந்த பிறகு, இரண்டு தப்பான பேர்களுக்குப் பிறகு சொன்னால் இதே வாக்கியம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும். ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் ஒன்று: இந்த விளையாட்டு ஆரம்பிப்பதைப் பார்த்தால் மேஜையிலிருந்தே பேரைக் கத்திவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ‘கெடுத்துட்டியே’ என்று திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

தெரிந்த மாதிரி நடிப்பது

“அடடே, நீயா! எப்படி இருக்கே?” என்று ஆரம்பித்துவிட்டால் மாட்டிக்கொண்டீர்கள். பத்து நிமிடம் பேசிய பிறகு பேர் கேட்க முடியாது, அந்த நேரம் பார்த்து உங்கள் மனைவி வந்து பக்கத்தில் நிற்பார், அறிமுகப்படுத்தியாக வேண்டும். இதற்கு ஆளாளுக்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். போனை நீட்டி ‘நம்பர் போட்டுக் குடு’ என்பது ஒன்று. ‘குரூப்லயேதானே இருக்கேன்’ என்று பதில் வரும். ‘பேர் தெரியும்ப்பா, இனிஷியல்தான் மறந்துபோச்சு’ என்பது இன்னொன்று. அவர் “எஸ்” என்பார், நீங்கள் இருந்த இடத்திலேயே நிற்பீர்கள்.

ஓரளவு வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான். “இது என் மனைவி” என்று உங்கள் பக்கத்து ஆளை முதலில் அறிமுகப்படுத்திவிட்டுப் பேசாமல் இருப்பது. பெரும்பாலானவர்கள் மரியாதைக்காகத் தங்கள் பேரைத் தாங்களே சொல்வார்கள். சொல்லாவிட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

பேட்ஜை அச்சுக்கடைக்காரர் இஷ்டத்துக்கு விடுவது

பேட்ஜ் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன: மேலே பெரிதாகப் பள்ளியின் பேர், நடுவில் ‘வெள்ளிவிழா சங்கமம்’ என்று பூவேலை, கீழே எறும்பு மாதிரி ஆளின் பேர். வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேர் வாசிப்புக் கண்ணாடியைப் பையில் வைத்திருப்பவர்கள். பேரின் எழுத்து இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். கயிற்றில் தொங்குகிற அட்டை காற்றில் திரும்பிக்கொள்ளும், ஆகவே இரண்டு பக்கமும் அச்சிடுங்கள். கயிறு நீளமாக இருந்தால் அட்டை வயிற்றில் போய் ஆடும், எதிரே வருகிறவர் குனிந்து வயிற்றை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும், பெண்களிடம் இது இன்னும் சங்கடம். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி கயிற்றைக் குட்டையாக்குங்கள்.

முக்கியமானது பழைய முகம். பத்தாம் வகுப்புக் கடைசியில் எடுத்த குரூப் போட்டோ யாரிடமாவது கண்டிப்பாக இருக்கும், கீழே ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று பேர் வரிசையோடு. அதை செல்போனில் படம் எடுக்காதீர்கள், கண்ணாடியில் டியூப்லைட்தான் விழும். சட்டத்திலிருந்து கழற்றி 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் ஒரு முகம் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இந்த அளவில் ஸ்கேன் செய்தால் மூன்று சென்டிமீட்டருக்குப் பெரிதாக்கி அச்சிடலாம், ஆள் தெரியும். போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்கப் போகாதீர்கள், முகமே கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

பெண்களின் பேரில் கவனமாக இருங்கள். வாட்ஸ்அப்பில் ‘கவின் அம்மா’ என்று இருக்கும், ஆதாரில் கணவர் இனிஷியல் இருக்கும், வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்ததோ அப்பா இனிஷியலோடு வருகைப் பதிவேட்டில் கூப்பிட்ட பேர். பேட்ஜில் அந்தப் பேர்தான் வர வேண்டும். எண்கணிதம் பார்த்துப் பேரை மாற்றிக்கொண்ட ஆண்களுக்கும் இதேதான், வருத்தப்பட்டாலும் சரி.

சுய அறிமுகத்தை மதியத்துக்குத் தள்ளுவது

காலையில் வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை என்று எல்லாம் முடிந்து சாப்பிட்ட பிறகு ‘எல்லாரும் உங்களை அறிமுகப்படுத்திக்குங்க’ என்பார்கள். அதற்குள் முழிக்க வேண்டிய முழி எல்லாம் முழித்தாகிவிட்டது. வந்து உட்கார்ந்ததும் பழைய பதிவேட்டு வரிசையில் பேரைக் கூப்பிடுங்கள். ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நின்று ஒரு வரி சொல்லி உட்காரட்டும். ஐம்பது பேருக்கு அரை மணி நேரம் ஆகாது. வகுப்புத் தலைவனாக இருந்தவர் வந்திருந்தால் அவரையே கூப்பிடச் சொல்லுங்கள். இறந்தவர்கள் பட்டியலை ஒரு வாரம் முன்பே குழுவில் போட்டுவிடுங்கள், ‘அவன் ஏன் வரலை’ என்று அவர் தம்பியிடமே ஒருவர் கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

பட்டப்பெயர்

அவர் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். நிறத்தையோ உடம்பையோ சாதியையோ வைத்து வந்த பேராக இருந்தால் எப்போதுமே வேண்டாம்.

‘டா’வா, ‘நீங்க’ளா?

அவர் முதலில் எப்படிக் கூப்பிடுகிறாரோ அப்படியே.

ஆசிரியரிடம் ‘என்னைத் தெரியுதா சார்?’

முப்பது வருடம் பாடம் நடத்தியவர் கைவழியாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் போயிருப்பார்கள். எண்பது வயதில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், காலில் விழுந்து எழுகிற ஒவ்வொருவரையும் அண்ணாந்து பார்த்து முழிக்க வேண்டியிருக்கிறது. குனிந்து, அவர் காதுக்குக் கேட்கிற மாதிரி வருடத்தை முதலில் சொல்லுங்கள், பிறகு வகுப்பு, பிறகு பேர். “சார், எண்பத்தொன்பது, டென்த் பி, நீங்கதான் கிளாஸ் டீச்சர், நான் கே. ரமேஷ்.” அண்ணன் தம்பி அதே பள்ளியில் படித்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ‘இன்னாரோட தம்பி’ என்றதும் பல ஆசிரியர்களுக்குப் பிடி கிடைத்துவிடுகிறது. அப்புறம் ‘ஓ, நீயா அது’ என்று அவர் சொல்வது நிஜமாகவே நினைவு வந்தா, சும்மா மரியாதைக்கா என்று ஆராய வேண்டாம். பின்னால் வரிசை நிற்கும், நகர்ந்து விடுங்கள்.