ஒன்பது வளைவுப் பாலக் காட்சியிலிருந்து குடைக்காரரை நீக்குவது எப்படி?

இலங்கையின் தெமோதரையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை எந்த நேரம் படம்பிடித்தாலும் யாராவது குறுக்கே நடப்பார்கள். இங்கே எடுத்துக்கொள்ளும் காட்சி 8 செக்கன் நீளம், நொடிக்கு 25 ஃபிரேம். கெமரா முக்காலியில் அசையாமல் நிற்கிறது. 2ஆம் செக்கனில் சிவப்புக் குடை பிடித்த ஒருவர் இடப்பக்கம் நுழைந்து, தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் நடந்து, 6ஆம் செக்கனில் வலப்பக்கம் போய்விடுகிறார். அவரை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் நீக்கப் போகிறோம். இதிலுள்ள Content-Aware Fill வசதி 2019இல் வந்தது. அதற்கு முந்திய பதிப்பில் தேட வேண்டாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆள் மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்பதை மென்பொருள் முன்பின் ஃபிரேம்களில் தேடி எடுத்து ஒட்டுகிறது. குடைக்காரர் நடந்துகொண்டே இருப்பதால், அவர் மறைத்த செடி ஒரு செக்கன் கழித்துத் தெளிவாகத் தெரிகிறது. அவர் முழு நேரமும் ஒரே இடத்தில் நின்றிருந்தால் எடுக்க எதுவும் இருக்காது. ஆகவே படம்பிடிக்கும்போதே, ஆள் போன பிறகும் ஐந்து செக்கன் கெமராவை ஓடவிடுங்கள்.

புரொஜெக்டைச் சேமித்துவிட்டு, டைம்லைனில் வீடியோ லேயரைத் தெரிவுசெய்யுங்கள். தெரிவுசெய்யாமல் பேனா கருவியால் வரைந்தால், லேயரின் ஒரு பகுதியை வெட்டிக் காட்டும் மாஸ்க்குக்குப் பதிலாக ஒரு வடிவ லேயர் உருவாகும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். 4ஆம் செக்கனுக்குப் போய், G அழுத்தி, குடையும் ஆளும் காலடி நிழலும் உள்ளே வரும்படி 10 முதல் 15 பிக்சல் தள்ளி ஒரு கோடு வரைந்து மூடுங்கள். மூடியதும் ஆளைத் தவிர எல்லாம் மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், மாஸ்க்கின் Add என்பதை Subtract ஆக்கினால் ஆள் இருந்த இடம் மட்டும் ஓட்டையாகும்.

இனி அந்த ஓட்டை அவரோடு நடக்க வேண்டும். M அழுத்தி Mask Path பக்கத்திலுள்ள கடிகாரக் குறியைச் சொடுக்குங்கள். அவர் நுழையும் ஃபிரேமுக்குப் போய் மாஸ்க்கை நகர்த்துங்கள். பிறகு வெளியேறும் ஃபிரேமில். அவர் நுழைவதற்கு முன்னும் வெளியேறிய பின்னும் மாஸ்க் படச் சட்டத்துக்கு வெளியே நிற்கட்டும். அடுத்து ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் பார்த்து, விலகிய இடத்தில் மட்டும் திருத்துங்கள். ஃபிரேம் ஃபிரேமாக வரைந்தால் விளிம்பு துடிக்கும். தானாகப் பின்தொடரும் டிராக்கரும் உண்டு; ஆனால் குடையின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு, கால் வீசும்போது வெளியே விட்டுவிடுவதால், அதை நம்பி விட்டுவிட வேண்டாம்.

கோட்டின் Mask Feather 0 ஆகவே இருக்கட்டும். விளிம்பை மென்மையாக்கினால் பாதி தெரியும் பிக்சல்களில் குடையின் சிவப்புத் தங்கி, ஆவிபோல் ஒரு வளையம் நடந்து செல்லும்.

வேலைப் பரப்பை 1ஆம் செக்கனில் B, 7ஆம் செக்கனில் N அழுத்தி அமையுங்கள். இருபுறமும் ஆளில்லாத ஒரு செக்கன் கட்டாயம் இருக்க வேண்டும். Window பட்டியலில் Content-Aware Fill பலகையைத் திறந்து, Fill Method என்பதில் Object, Range என்பதில் Work Area தெரிவுசெய்து, Generate Fill Layer அழுத்துங்கள். முடிந்ததும் மேலே ஒரு புதிய லேயர் வரும்.

ஒரு ஃபிரேமை நிறுத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். 200 சதவீதம் பெரிதாக்கி ஓடவிட்டுப் பாருங்கள். சிவப்பு விளிம்பு மிஞ்சினால் மாஸ்க் இறுக்கம், அதைப் பெருப்பித்து மீண்டும் ஓட்டுங்கள். நிழல் மட்டும் தனியே நகர்ந்தால் அதை மாஸ்க்கில் சேர்க்கவில்லை. தேயிலை இலைகள் கொதிப்பதுபோல் நடுங்கினால் பெரும்பாலும் பனிமூட்டம்தான் காரணம். ஆள் நுழையும்போது சரிவு பச்சையாகவும், வெளியேறும்போது மூட்டம் படர்ந்து வெளிறியும் இருந்தால், வெவ்வேறு ஒளியில் எடுத்த துண்டுகள் சேராது. அப்போது Lighting Correction இயக்குங்கள்.

அதுவும் போதாவிட்டால் Create Reference Frame அழுத்துங்கள். அந்த ஃபிரேம் போட்டோஷொப்பில் திறக்கும். குளோன் ஸ்டாம்ப் கருவியால் பக்கத்துச் செடி வரிசையை எடுத்து ஓட்டையை நிரப்பி, சேமித்துத் திரும்பி வந்து மீண்டும் நிரப்புங்கள். மூட்டம் வருவதற்கு முன் ஒன்றும் வந்த பின் ஒன்றுமாக இரண்டு ஃபிரேம் செய்தால் நிறம் இடையில் படிப்படியாக மாறும். வரைகையில் வரிசைகளின் சாய்வைக் கவனியுங்கள். மட்டம் வெட்டிய தேயிலையில் ஒரு வரி முறிந்தாலும் கண் உடனே அங்கே போய் நிற்கும்.

மூட்டமே இல்லாத, ஒளி மாறாத முக்காலிக் காட்சிக்கு இவ்வளவும் தேவையில்லை. ஆளில்லாத ஒரு ஃபிரேமை உறையவைத்து, மாஸ்க் வெட்டிய லேயருக்குக் கீழே வைத்தால் ஓட்டை வழியே அதுவே தெரியும். காற்றில் இலை அசைந்தால் மட்டும் அந்த இடம் சிலைபோல் நிற்கும். அப்போதுதான் மேலே சொன்ன வழிக்கு வாருங்கள்.