முக்கோணத்தின் நடுக்கோட்டு மையம்: மூன்றில் இரண்டு பங்கு எங்கிருந்து வருகிறது?

முக்கோணத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இழுக்கும் கோடுதான் நடுக்கோடு. முனைகள் மூன்று என்பதால் நடுக்கோடுகளும் மூன்று. எப்படிப்பட்ட முக்கோணமாக இருந்தாலும் இவை மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியை நடுக்கோட்டு மையம் என்கிறோம். G என்று குறிப்பது வழக்கம்.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். அது ஏன் ஒவ்வொரு நடுக்கோட்டையும் சரியாக 2:1 என்று பிரிக்கிறது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். அதனால் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போவோம்.

படி 1: முனைகளைக் குறியுங்கள்

ஒரு வரைபடத் தாளில் A(2, 9), B(−4, 1), C(8, −1) என்ற மூன்று புள்ளிகளையும் வைத்து முக்கோணத்தை வரையுங்கள். கடைசி வரை இதே முக்கோணம்தான், எனவே கொஞ்சம் பெரிதாகவே வரையலாம்.

படி 2: கூட்டி 3 ஆல் வகுங்கள்

x மதிப்புகளைத் தனியாக, y மதிப்புகளைத் தனியாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் 3 ஆல் வகுக்க வேண்டும்.

```
x = (2 + (−4) + 8) / 3 = 6 / 3 = 2
y = (9 + 1 + (−1)) / 3 = 9 / 3 = 3
G = (2, 3)
```

முனைகளை எந்த வரிசையில் எடுத்தாலும் விடை மாறாது. குறை எண்களுக்கு மட்டும் அடைப்புக்குறி போட்டே எழுதுங்கள். இந்தக் கணக்கில் தவறு வருவது பெரும்பாலும் அங்கேதான்.

விடை சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. G-யிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு நகர வேண்டும் என்று எழுதுங்கள். A-க்கு (0, 6), B-க்கு (−6, −2), C-க்கு (6, −4). மூன்றையும் கூட்டினால் (0, 0) வருகிறது. வராவிட்டால் எங்கோ கூட்டலிலோ குறியிலோ பிழை இருக்கிறது.

படி 3: ஒரு நடுக்கோட்டை வரைந்து எண்ணுங்கள்

BC-யின் நடுப்புள்ளியை D என்போம். அது ((−4 + 8)/2, (1 − 1)/2), அதாவது (2, 0). இங்கே வகுப்பது 2 ஆல், ஏனென்றால் புள்ளிகள் இரண்டுதான். நடுப்புள்ளிக்கு 2, மையத்துக்கு 3 என்பதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

A-யும் D-யும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருப்பதால் AD-யின் நீளத்தைக் கட்டங்களை எண்ணியே சொல்லிவிடலாம். 9-லிருந்து 0 வரை 9 கட்டங்கள். G இருப்பது 3-ல். ஆக A-யிலிருந்து G வரை 6, G-யிலிருந்து D வரை 3. மொத்தம் 9-ல் 6, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பெரிய துண்டு எப்போதும் முனையின் பக்கம், சிறிய துண்டு நடுப்புள்ளியின் பக்கம்.

இன்னொரு நடுக்கோட்டையும் பார்க்கலாம். CA-யின் நடுப்புள்ளி E(5, 4). B-யிலிருந்து E-க்குப் போக வலப்பக்கம் 9, மேலே 3 நகர வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்கு வலப்பக்கம் 6, மேலே 2. (−4, 1)-லிருந்து அவ்வளவு நகர்ந்தால் (2, 3). அதே G!

படி 4: ஏன் 2:1?

இப்போது D-யையும் E-யையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். விடை அந்தச் சின்னக் கோட்டில்தான் இருக்கிறது.

B-யிலிருந்து A-க்குப் போக வலப்பக்கம் 6, மேலே 8 நகர வேண்டும். D-யிலிருந்து E-க்கு வலப்பக்கம் 3, மேலே 4. திசை அதே திசை, தூரம் மட்டும் சரிபாதி. நீளமாகச் சொன்னால் AB 10, DE 5. இது நம் எண்களுக்கு மட்டும் அமைந்ததல்ல. C-யிலிருந்து B-க்குப் பாதி தூரம் போனால் D, A-க்குப் பாதி தூரம் போனால் E. ஆகவே CDE என்பது CBA-வை அப்படியே பாதியாகச் சுருக்கிய முக்கோணம். எந்த முக்கோணத்திலும் DE, AB-க்கு இணையாகவும் அதில் பாதியாகவும்தான் இருக்கும்.

AD, BE இரண்டும் வெட்டும் இடத்தைப் பாருங்கள். வெட்டுப் புள்ளிக்கு ஒரு பக்கம் முக்கோணம் GAB, மறுபக்கம் தலைகீழாக முக்கோணம் GDE. AB-யும் DE-யும் இணை என்பதால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். G-யில் இருப்பவை குத்தெதிர்க் கோணங்கள், அவையும் சமம். அப்புறம் என்ன, இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள். AB, DE-யைப் போல் இரண்டு மடங்கு என்றால் மற்ற பக்கங்களும் அதே மடங்கில்தான் இருக்க வேண்டும்: GA = 2 × GD, GB = 2 × GE. 2:1 என்பது இங்கிருந்துதான் வருகிறது. 'நடுப்புள்ளி' என்ற சொல்லில் இருக்கும் பாதிதான் இங்கே இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது.

மூன்றாவது நடுக்கோடு ஏன் அதே புள்ளி வழியாகப் போகிறது? BE-க்குப் பதிலாக C-யிலிருந்து வரும் நடுக்கோட்டை எடுத்து இதே வாதத்தைச் சொல்லிப் பாருங்கள். அதுவும் AD-யை A-யிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் வெட்டும். AD-யின் மேல் அப்படிப்பட்ட புள்ளி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே மூன்றும் அங்கேதான் சந்தித்தாக வேண்டும்.

படி 5: 3 ஆல் வகுப்பது ஏன்?

இது தெரிந்ததும் சூத்திரம் தானாகவே வந்துவிடும். A-யிலிருந்து D நோக்கி மூன்றில் இரண்டு பங்கு போனால் G. அப்படியானால் G-யில் D-யின் பங்கு 2/3, A-யின் பங்கு 1/3. D என்பது B, C இரண்டின் சராசரி.

```
G = (1/3)A + (2/3)D
  = (1/3)A + (2/3)·(B + C)/2
  = (A + B + C)/3
```

D-க்குக் கிடைத்த 2/3 பங்கை B-யும் C-யும் ஆளுக்கு 1/3 என்று பிரித்துக்கொள்கின்றன. இரண்டு முனைகள் சார்பாக நிற்பது D, ஒரு முனை சார்பாக நிற்பது A. அதனால்தான் G, D-யின் பக்கம் நெருங்கி நிற்கிறது. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

எங்கே செல்லாது?

சீரான தடிமன் உள்ள அட்டையில் முக்கோணத்தை வெட்டி G-யில் பென்சில் முனையை வைத்தால் அது சாயாமல் நிற்கும். ஆனால் ஒரே கம்பியை வளைத்துச் செய்த வெற்று முக்கோணத்துக்கு ஈர்ப்பு மையம் பொதுவாக G-யில் இருக்காது. நீளமான பக்கத்தில் எடை அதிகம் என்பதால் மையம் அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். சமபக்க முக்கோணத்தில்தான் கட்டாயம் இரண்டும் ஒன்றாகும்.

நாற்கரத்திலும் கவனம் தேவை. நான்கு முனைகளையும் கூட்டி 4 ஆல் வகுத்தால் கிடைப்பது பொதுவாக நாற்கர அட்டையின் ஈர்ப்பு மையம் அல்ல. அதற்கு நாற்கரத்தை மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணங்களாகப் பிரித்து, இரண்டின் G-யையும் கண்டுபிடித்து, அந்தந்தப் பரப்பளவால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பரப்பளவால் வகுக்க வேண்டும்.