நீட் விண்ணப்ப எண் மறந்துவிட்டால் மீட்டெடுப்பது எப்படி?

நீட் இளநிலைத் தேர்வுக்கு விண்ணப்பித்த பிறகு ஹால் டிக்கெட், விடைக்குறிப்பு, மதிப்பெண் அட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் விண்ணப்ப எண் தேவைப்படும். இது 12 இலக்கங்கள் கொண்டது. முதல் இரண்டும் தேர்வு ஆண்டைக் குறிக்கும். 2024ஆம் ஆண்டு எண்கள் 24 என்று தொடங்கின. ஹால் டிக்கெட்டில் உள்ள 10 இலக்கப் பதிவெண் வேறு. அதை விண்ணப்ப எண்ணுக்கான கட்டத்தில் இட்டால் தளம் ஏற்காது.

முதலில், விண்ணப்பித்தபோது கொடுத்த மின்னஞ்சலில் NEET, NTA என்ற சொற்களைத் தேடுங்கள். ஸ்பேம் பகுதியையும் பாருங்கள். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தவர்களுக்கு அந்தக் கடைக்காரரின் மின்னஞ்சலே பதிவாகியிருக்கக்கூடும் என்பதால், உறுதிப்படுத்தல் பக்கத்தின் பிடிஎஃப் அங்குள்ள கணினியில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

அங்கும் கிடைக்காவிட்டால், neet.nta.nic.in தளத்தில் அந்த ஆண்டுக்கான உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து, Forgot Application Number என்ற இணைப்பைச் சொடுக்குங்கள். உங்கள் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை நிரப்பி, படத்தில் தெரியும் குறியீட்டைத் தட்டச்சு செய்து அனுப்பினால், விவரங்கள் பொருந்தும் நிலையில் எண் திரையில் தோன்றும்.

பெரும்பாலானோர் தடுமாறுவது பெயரில்தான். விண்ணப்பத்தில் எழுதியபடியே பெயர் இருக்க வேண்டும் என்பதால், நமது தலைப்பெழுத்து வழக்கம் இங்கே சிக்கலாகிறது. ஒரு மாணவியின் பெயர் கவிதா, தந்தையின் பெயர் செல்வம் என்று வைத்துக்கொள்வோம். அவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்து விண்ணப்பித்திருந்தால் KAVITHA S என்றும், ஆதாரைப் பார்த்திருந்தால் ஒருவேளை KAVITHA SELVAM என்றும் பதிவாகியிருக்கலாம். ஆகவே சான்றிதழில் உள்ளதை முதலில் இட்டுப் பார்த்து, விவரம் பொருந்தவில்லை என்று வந்தால் S KAVITHA, KAVITHA SELVAM என ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு கட்டத்தை மட்டும் மாற்றினால்தான் தவறு எங்கே என்று தெரியும். தாய், தந்தை பெயர்களிலும் தலைப்பெழுத்து சேர்க்கப்பட்டதா என்பதையும், முற்றுப்புள்ளி, இரட்டை இடைவெளி போன்றவை நுழைந்திருக்கின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும்.

எண் கிடைத்தவுடன் உள்நுழைந்து உறுதிப்படுத்தல் பக்கத்தைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லும் மறந்திருந்தால் அதை மாற்றுவதற்கு இந்த எண் தேவை. ஆகையால் எண்ணை மீட்ட பிறகே அந்த வேலையில் இறங்க முடியும்.

எந்த வடிவமும் பொருந்தவில்லை என்பதற்காகப் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போடவே கூடாது. ஒருவர் ஒரு விண்ணப்பம் மட்டுமே அளிக்கலாம் என்பது விதி. மீறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் அபாயம் உண்டு. அதற்குப் பதிலாகத் தேசியத் தேர்வு முகமையின் உதவி எண்ணான 011-40759000ஐ அழைத்து, பெயர், பிறந்த தேதி, பதிவு செய்த கைப்பேசி எண் ஆகியவற்றைக் கூறி உதவி கேளுங்கள். கடவுச்சொல்லையோ ஓடிபியையோ எவர் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.