வால்வு வைத்த பக்கெற்றிலும் கோப்பி பழசாகுதா? சீலைப் பாருங்கள்

மட்டக்களப்பில் வீட்டிலேயே கோப்பிக்கொட்டை வறுத்து 250 கிராம் பக்கெற்றுகளாகக் கொடுக்கிறேன். வால்வு வைத்த அலுமினியப் பையில் போட்டும் மூன்றாவது கிழமையே வாசம் போய், பழைய எண்ணெய் மணம் வந்தது. குறை இரண்டு இடத்தில் இருந்தது.

வறுத்த கொட்டை பல நாட்களுக்குக் காபனீரொட்சைட்டை விடும். வால்வு அதை வெளியே விட்டு, வெளிக்காற்று உள்ளே வராமல் தடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. கட்டும்போது பைக்குள் அகப்பட்ட காற்றை அது எடுக்காது. 250 கிராம் பையில் கொட்டைகளின் இடுக்கையும் மேல் வெற்றிடத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய அரை லீற்றர் காற்று இருக்கும். அதில் 100 மில்லிலீற்றர் ஒட்சிசன். கொட்டை விடும் வாயு அதை மெல்ல மெல்லத்தான் தள்ளும். கச்சான் வீசுகிற மாதங்களின் வெக்கையில் அதற்குள் கோப்பி கெட ஆரம்பித்துவிடும். அதனால் சீல் வைக்குமுன் பைக்குள் நைதரசன் வாயுவை விடுகிறேன்; அது அந்தக் காற்றை உடனே வெளியே தள்ளுகிறது.

கொட்டை நன்றாக ஆறியதும் அன்றைக்கே பையில் போடுங்கள். ரெகுலேட்டர் பூட்டிய சிலிண்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயைப் பையின் அடிவரை விட்டு, வாயைக் கையால் சுருக்கிப் பிடியுங்கள். நிமிடத்துக்கு 5 லீற்றர் வேகத்தில் 20 செக்கன் போதும். அது பைக்குள் இருக்கும் காற்றைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஒட்சிசன் 21 சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் அளவுக்கு இறங்கும். வேகத்தைக் கூட்டினால் வெளிக்காற்றும் சுழன்று உள்ளே வரும். குழாயை எடுத்த கையோடு சீல் வையுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும்: நைதரசனுக்கு மணமில்லை, மூடிய அறையில் மூச்சு முட்டுவது தெரியாமலே ஆளை மயக்கிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது சீலில்தான். பக்கவாட்டில் மடிப்புள்ள பையின் ஓரத்தில் நான்கு படலம், நடுவில் இரண்டு. நடுவுக்குப் போதுமான சூடு ஓரத்துக்குப் போதாது; படலம் மாறும் இடத்தில் ஊசி நுழையும் அளவுக்கு வழி விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. வெறும் பையில் காற்றை அடைத்துச் சீல் வைத்து, வால்வை விரலால் பொத்தி, தண்ணீருக்குள் அமுக்குங்கள். ஓரத்தில் குமிழி வந்தால் சூட்டை ஒரு படி கூட்டுங்கள். அப்புறம் நான் மடிப்பில்லாத தட்டைப் பைக்கு மாறிவிட்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே வாங்குங்கள். சிப் பூட்டை நம்பாதீர்கள், அது திறந்த பிறகு மூடி வைக்க மட்டும்.

அடுத்த நாள் காலை பை இலேசாக உப்பி, அமுக்கினால் வால்வு வழியே வாசம் வரவேண்டும். தொய்ந்து கிடந்தால் சீல் ஒழுகுகிறது. பந்துபோல இறுகியிருந்தால் வால்வு அடைத்திருக்கிறது.

பின்சேர்க்கை: கல்முனையிலிருந்து ஒரு வாசகர் தன் பைகள் எல்லாமே பந்தாகின்றன என்று எழுதினார். அவர் அடைத்தது அரைத்த தூள். தூளுக்கு, உட்பக்கம் வடிதாள் ஒட்டிய வால்வுதான் வேண்டும்.