சொட்டுநீர்ப் பாசனக் காணொளிக்குப் பின்னணி உரை எழுதுதல்: எங்கே தமிழ்ச்சொல், எங்கே வழக்குச்சொல்?

சொட்டுநீர்க் கருவிகளைப் பராமரிப்பது பற்றி விவசாயிகளுக்காக ஐந்து நிமிடக் காணொளி ஒன்று எடுக்கப்படுகிறது, அதற்குப் பின்னணி உரை எழுதும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர் தமிழ்நாட்டில் கிணற்றுப் பாசனத்தில் காய்கறி பயிரிடுபவர். உரையைக் காதால் மட்டுமே கேட்கிறார். அச்சில் புரியாத சொல்லை மீண்டும் படித்துப் பார்க்கலாம், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்த உடனே பொருள் தர வேண்டும்.

முதற்படி: பொருள்களின் பெயர்களைத் தனியே எழுதுங்கள்

மோட்டார், வடிகட்டி, முதன்மைக் குழாய், துணைக் குழாய், பக்கவாட்டுக் குழாய், உமிழி, வால்வு என்று உரையில் வரும் பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் கடையில் என்ன பெயர் சொல்லி வாங்குவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வடிகட்டியை பில்டர் என்றும், துணைக் குழாயை சப்மெயின் என்றும், செடி வரிசையை ஒட்டிச் செல்லும் மெல்லிய பக்கவாட்டுக் குழாயை லேட்டரல் என்றும், நீர் சொட்டும் சிறு உறுப்பான உமிழியை டிரிப்பர் என்றும் சொல்லித்தான் வாங்குகிறார்கள். பழுதான உறுப்பை மாற்றக் கடைக்குப் போகிறவருக்கு இந்தப் பெயர்களே தேவை.

இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது பக்கவாட்டுக் குழாய். பாடநூலில் பிழையில்லாத இச்சொல்லை வயலில் கேட்பவர், வயலின் பக்கவாட்டில், அதாவது வரப்போரமாகச் செல்லும் சப்மெயினை நினைத்துக்கொள்ளக்கூடும். முற்றிலும் புரியாத சொல்லைவிடத் தவறாகப் புரியும் சொல் கேடானது. உமிழி என்றால் கேட்பவர் விழிப்பார், பக்கவாட்டுக் குழாய் என்றால் தலையசைத்துவிட்டு வேறு குழாயைக் கழற்றுவார்.

இரண்டாம் படி: சொல்லின் பிறப்பைப் பார்க்காதீர்கள்

மானியம் பற்றிய பகுதியில் நிலைமை தலைகீழாகும். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியமும் உண்டு என்று சொல்லும் இடத்தில் சப்சிடி என்ற சொல்லுக்கு வேலையே இல்லை, ஏனெனில் அறிவிப்பிலும் விண்ணப்பத்திலும் மானியம் என்றே இருக்கிறது. விண்ணப்பத்தோடு தரும் நில ஆவணங்களில் சிட்டா வடக்கிலிருந்து வந்த சொல், அடங்கல் தமிழ்ச்சொல். இரண்டையும் அப்படியே விடுங்கள், கையில் இருக்கும் ஆவணத்தின் பெயர்கள் அவை. சதவீதத்தை விழுக்காடு என்று மாற்றுவது கட்டுரைக்குப் பொருந்தும். இந்த உரையில் சதவீதமே இருக்கட்டும்.

மூன்றாம் படி: வினைகளைத் தமிழில் வையுங்கள்

கடைப்பெயரை ஏற்றுக்கொண்டதும் பலர் வினையையும் சேர்த்து விட்டுக்கொடுத்து விடுகிறார்கள். பொருளின் பெயர் கடையிலிருந்து வருகிறது. கழுவுதல், அடைத்தல், திறத்தல், ஒழுகுதல் ஆகியவை வயலில் ஏற்கெனவே வாழும் சொற்கள். ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம்.

“வடிகட்டியில் அடைப்பு ஏற்படின் பக்கவாட்டுக் குழாய்களின் உமிழிகள் வாயிலாக நீர் வெளியேற்றம் குன்றும்.”

“பில்டர் பிளாக் ஆனால் லேட்டரலில் டிரிப்பர் டிஸ்சார்ஜ் டவுன் ஆகும்.”

“பில்டரில் மண் அடைத்துக்கொண்டால், லேட்டரலின் கடைசியில் இருக்கும் டிரிப்பர்களில் தண்ணீர் குறைவாகச் சொட்டும்.”

மூன்றாவதில் மூன்று கடைப்பெயர்கள் இருந்தும் வாக்கியம் தமிழாகவே நடக்கிறது, ஏனெனில் அடைத்துக்கொள்வதும் சொட்டுவதும் தமிழில் நிகழ்கின்றன. எதை, எங்கே பார்க்க வேண்டும் என்பதும் அதில்தான் தெளிவாகிறது. முதல் இரண்டும் எதிரெதிர் முனைகளில் நின்றாலும் அவற்றின் குறை ஒன்றே: வெளியேற்றம், டிஸ்சார்ஜ் என்று நிகழ்வைப் பெயர்ச்சொல்லாக்கி உறையவைத்து விட்டன.

நான்காம் படி: கேட்பவர் மாறினால் பட்டியலை மாற்றுங்கள்

அதே காணொளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு என்றால் பில்டர் வடிகட்டியாகலாம்; தேநீர் வடிகட்டியைப் பார்த்த பிள்ளைக்கு அச்சொல்லே வேலையை விளக்கிவிடும். லேட்டரலுக்குப் பெயர் சூட்டாமல், “செடி வரிசையை ஒட்டிச் செல்லும் மெல்லிய குழாய்” என்று விரித்துச் சொல்வது நல்லது. வால்வுக்கு மட்டும் இரு பட்டியலிலும் மாற்றுத் தேட வேண்டாம்.

இரு தரப்பினரும் ஒன்றாகக் கேட்பதானால், முதல் முறை மட்டும் “பில்டர் எனப்படும் வடிகட்டி” என்று இணைத்துச் சொல்லி, பிறகு இறுதிவரை ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். மாற்றி மாற்றிச் சொன்னால் இரண்டு வெவ்வேறு கருவிகள் என்று எண்ணிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: வயலில் வாசித்துப் பாருங்கள்

ஒரு விவசாயியிடம் உரையை வாசித்துக்காட்டி, ஒவ்வொரு பெயர் வந்ததும் நிறுத்தி, அந்த உறுப்பைக் கையால் காட்டச் சொல்லுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் புரிந்தது என்றே சொல்வார்கள். கை தயங்கிய இடத்திலும் வேறு உறுப்பைத் தொட்ட இடத்திலும் சொல்லை மாற்றிவிட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசியுங்கள்.