சூடான மதியச் சாப்பாட்டை ஹாட் பாக்ஸில் கட்டுவது எப்படி?

நம் வீடுகளில் சோறு கட்டும் முறை ஒன்று உண்டு. குக்கரைத் திறந்து, சோற்றைத் தட்டில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் கொஞ்சம் ஆறவிட்டு, அப்புறம்தான் டப்பாவில் போடுவார்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துப் போய்ச் சீக்கிரம் கெட்டுவிடும் என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். சாதாரண எவர்சில்வர் டப்பாவுக்கு இது ஓரளவு சரி. சூடு தாங்கும் டப்பாவுக்கு இதே பழக்கத்தைக் கொண்டுபோனால்தான் சிக்கல். ஆறிய சோற்றை அதில் போட்டு மூடினால், கிருமிகளுக்குப் பிடித்தமான வெதுவெதுப்பை அந்த டப்பா மணிக்கணக்கில் காப்பாற்றிக் கொடுக்கும்.

ஹாட் பாக்ஸ் உணவைச் சூடாக்காது. இருக்கிற சூடு குறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் எவ்வளவு சூட்டில் மூடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

நினைவில் வைக்க வேண்டிய எண் 60

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்கும்வரை அதில் கிருமிகள் பெருகாது. 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை இருப்பதுதான் ஆபத்தான பகுதி. அந்தப் பகுதிக்குள் உணவு மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதைத்தான் நாம் கணக்கிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் கவலையில்லை. இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் வரை என்றால் உடனே சாப்பிட்டுவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

சோற்றுக்கு இதில் தனிக் கவனம் தேவை. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் ஒரு வகை நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. ராத்திரி முழுக்க மேடையில் கிடந்த சோற்றைக் காலையில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி டப்பாவில் போடுவது அதனால்தான் பயன்படாது. கறிக் குழம்பில் வளரும் இன்னொரு வகைக் கிருமி 40 டிகிரிக்குச் சற்று மேலே, நம் கைக்கு இதமாகத் தெரியும் சூட்டில், மிக வேகமாகப் பெருகும். டப்பாவைத் தொட்டு 'இன்னும் சூடாத்தான் இருக்கு' என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் டப்பாவைச் சோதியுங்கள்

கடையில் ஹாட் பாக்ஸ் என்று விற்பவை இரண்டு வகை. ஒன்று, வெளியே பிளாஸ்டிக், உள்ளே எவர்சில்வர் கிண்ணங்கள், நடுவில் பஞ்சு போன்ற ஃபோம். இதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நம்பலாம். இன்னொன்று ஃபிளாஸ்க் மாதிரி, இரண்டு எவர்சில்வர் சுவருக்கு நடுவே காற்றை எடுத்துவிட்ட வேக்குவம் டப்பா. ஐந்து ஆறு மணி நேரம் சூடு வேண்டும் என்றால் இதுதான் வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்கு.

வேக்குவம் போய்விட்டதா என்று பார்ப்பது எளிது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். மூடி, கழுத்துப் பக்கம் லேசாகச் சுடலாம், அது இயல்பு. நடுப்பகுதியோ அடிப்பகுதியோ சுட்டால் வேக்குவம் போய்விட்டது. கீழே விழுந்து அடிபட்ட டப்பாக்களில் இது நடக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் அதில் சூடு நிற்காது.

குச்சி மாதிரி இருக்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள், சில நூறு ரூபாய்தான். சென்னை கடல் மட்டத்தில் இருக்கும் ஊர் என்பதால், நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் அது 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று டிகிரி தள்ளிக் காட்டினால் அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவைச் சூடாக்குதல்

சோறு வேகும்போதே பக்கத்து அடுப்பில் தண்ணீர் வையுங்கள். நன்றாகக் கொதித்ததும் டப்பா நிறைய ஊற்றி, மூடியை இறுக்கமில்லாமல் மூடி, பத்து நிமிடம் விடுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. குழாயில் வரும் வெந்நீர் போதாது, கொதிநீர்தான் வேண்டும்.

இது ஏன் தேவை? டப்பாவின் உட்சுவர் அறைச் சூட்டில், அதாவது 30 டிகிரி வாக்கில் இருக்கிறது. அதில் 86 டிகிரி சாப்பாட்டைப் போட்டால், அந்த எவர்சில்வர் தன்னைச் சூடாக்கிக்கொள்ள உணவிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். அரை லிட்டர் டப்பாவில் ஆறேழு டிகிரி அப்படியே போய்விடும். கொதிநீர் ஊற்றி வைத்தால் அந்தச் சூட்டைத் தண்ணீர் கொடுத்துவிடும், உணவு தன் சூட்டை வைத்துக்கொள்ளும்.

கட்டுதல்

தண்ணீர் டப்பாவில் இருக்கும்போதே சாப்பாட்டைத் தயாராக அடுப்பில் வைத்திருக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டியபின் பாத்திரம் தேடக் கூடாது. சாம்பார் சாதம் என்றால் கொஞ்சம் தளர்வாகக் கிண்டி, அடிப்பிடிக்காமல் சிம்மில் வைத்துத் தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பாருங்கள். 85 டிகிரி காட்டினால் டப்பாத் தண்ணீரைக் கொட்டி, சுத்தமான துணியால் உள்ளே ஒருமுறை துடைத்து, உடனே சாதத்தைப் போடுங்கள். கழுத்துக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு நிரப்பி, மூடியை இறுக்கிவிடுங்கள்.

நிரப்புவது முக்கியம். அரை டப்பா உணவில் இருக்கும் சூடும் பாதிதான், அது சீக்கிரம் ஆறிவிடும். சாப்பிடுகிற அளவு குறைவு என்றால் சின்ன டப்பா வாங்குங்கள். குழம்போடு கலந்த, ஈரப்பதமான சாதம் நன்றாகச் சூடு பிடிக்கும். உதிரியான பொரியல், வறுவல் கொஞ்சமாகத்தான் வைப்போம், அது சூடாக நிற்காது. அவற்றை ஹாட் பாக்ஸில் திணிக்காமல், மொறுமொறுப்பாகத் தனி டப்பாவில் வைத்து அனுப்பி, நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லலாம். மே மாத வெயிலில் அந்த நான்கு மணி நேரத்தை இரண்டாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கணக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு வேலைக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 6.45க்கு டப்பாவை மூடுகிறார்கள். 12.45க்குச் சாப்பாட்டு மணி. இடையில் ஆறு மணி நேரம். பஸ்ஸிலும் பட்டறையிலும் சூடு 32 டிகிரி என்று வைப்போம். 500 மில்லி டப்பா, நிறைய சாம்பார் சாதம்.

கொதிநீரில் சூடாக்கிய டப்பாவில் 86 டிகிரியில் மூடினால், திறக்கும்போது சுமார் 63 இருக்கும். ஒரு நிமிடம்கூட 60க்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாடு பாதுகாப்பானது.

அதே சாதத்தைச் சூடாக்காத டப்பாவில் போட்டால் தொடக்கமே 79. திறக்கும்போது 59 வரை வந்திருக்கும். கடைசி அரை மணி நேரம்தான் கீழே போயிருக்கிறது, பயமில்லை. ஆனால் சாப்பாட்டு மணி தள்ளிப்போனால் கைவசம் இருக்கும் நேரம் குறைவு.

மூன்றாவதாக, சாதத்தைத் தட்டில் ஆறவிட்டு 72 டிகிரியில், சூடாக்காத டப்பாவில் போட்டால்? டப்பா இழுத்துக்கொண்டபின் 66 மிஞ்சும். 8.50 வாக்கில் 60ஐத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். 12.45க்குத் திறக்கும்போது 52 டிகிரி, ஆவிகூட லேசாகத் தெரியும். ஆனாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழிந்துவிட்டது. வேலை நெருக்கத்தில் இரண்டு மணிக்குத்தான் உட்கார முடிந்தது என்றால், அந்தச் சாப்பாட்டைத் தொடாமல் விடுவதே சரி.

இந்த எண்கள் ஒவ்வொரு டப்பாவுக்கும் மாறும். டப்பாப் பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கும் பெரும்பாலும் நிரம்பக் கொதிநீர் ஊற்றிப் பார்த்ததாகத்தான் இருக்கும். உங்கள் சாதத்துக்கு அது அப்படியே பொருந்தாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்தில் கட்டி, திறக்காமல் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் தெர்மாமீட்டரை நடுவில் விட்டுப் பாருங்கள். 60க்கு மேலே இருந்தால் உங்கள் முறை சரி. குறைந்தால், வேலை கிளம்பும் நேரத்துக்கு நெருக்கமாகக் கட்டுவது, பெரிய டப்பாவை நிரப்புவது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்.

எதைப் போடக் கூடாது

தயிர் சாதம் வேண்டாம். அதைச் சூடாகக் கட்ட முடியாது, வெதுவெதுப்பாகக் கட்டினால் புளித்துப் பொங்கும். குளிர்ந்த தயிரில் பிசைந்து சாதாரண டப்பாவில் கொடுங்கள். தேங்காய்ச் சட்னியும் அப்படியே, தனியாகத்தான்.

காசிமேட்டு மீன் வாங்கி வைத்த குழம்பை மறுநாள் கட்டுவது நம் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் கட்டலாம். ஓரத்தில் கொதித்தால் போதும் என்று இறக்காமல், கிண்டிவிட்டு முழுக்கக் கொதிவிட்டபின், சூடாக்கிய டப்பாவில் ஊற்றுங்கள். வெளியே இருந்த குழம்பு என்றால் வேண்டாம்.

திறக்கும்போதும் அப்புறமும்

உள்ளே ஆவி குளிரும்போது மூடி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். திறக்க முடியவில்லை என்று தட்ட வேண்டாம், மெதுவாக அழுத்தித் திருகினால் காற்று புகுந்து விட்டுவிடும். 60 டிகிரி என்பது நாக்கைச் சுடும் சூடு. பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்பினால், திறந்து ஐந்து நிமிடம் கழித்துச் சாப்பிடச் சொல்லி அனுப்புங்கள். பாதி சாப்பிட்டு மூடி வைத்து, சாயங்காலம் மிச்சத்தைச் சாப்பிடக் கூடாது. ஒருமுறை திறந்தால் சூடு வேகமாகப் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழம்பின் எண்ணெய் அங்கேதான் தங்கும், நாற்றமும் அங்கிருந்துதான் வரும். வளையம் விரிசல் விட்டிருந்தால் மாற்றுங்கள், அதன் வழியாகவும் சூடு போகும். ராத்திரி முழுக்க மூடாமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.